ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம்: மூக்குக்கு ஒரு பயிற்சி

காய்ச்சல் விட்டு உடம்பு தேறிவிட்டது. ஆனால் வாணலியில் பெருங்காயம் பொரிகிற சத்தம் கேட்கிறதே தவிர, வாசனை வரவில்லை. சாம்பாரில் உப்பும் புளிப்பும் தெரிகின்றன, சாம்பார் தெரியவில்லை. கொரோனா காலத்தில் பலர் வீட்டில் இது நடந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சுவைகள்தான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்பக்கமாக மூக்கின் உச்சிக்கு ஏறுகிற வாசனை. மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு நாலு சீரகத்தை மென்று பாருங்கள், வாயில் ஏதோ தூள் மாதிரிதான் இருக்கும். விரலை எடுத்ததும் அது சீரகமாகிவிடும்.

அந்த உச்சியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில்தான் வாசனை அறியும் நரம்பணுக்கள் இருக்கின்றன. கொரோனா வைரஸ் இவற்றை நேரடியாகத் தாக்குவதைவிட, இவற்றைத் தாங்கிப் போஷிக்கும் துணையணுக்களைத்தான் முதலில் தாக்குகிறது என்று 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். துணையணுக்கள் சீக்கிரம் வளர்ந்துவிடும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிவிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வெளியான ஒரு கணக்குப்படி, 30 நாளில் 100-ல் 74 பேருக்கும், 90 நாளில் 90 பேருக்கும் வாசனை திரும்பியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் திரும்பாதவர்கள் 100-ல் ஏறத்தாழ 5 பேர்.

இப்படி மிஞ்சியவர்களின் மூக்கில் நரம்பணுக்களே அழிந்திருக்கலாம். ஆனாலும் இவை நம் உடம்பில் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கக்கூடிய அபூர்வமான நரம்பணுக்கள். அடித்தளத்தில் உள்ள மூல அணுக்களிலிருந்து புதியவை கிளம்பி, மூக்குக்கு மேலே உள்ள எலும்பின் நுண்துளைகள் வழியாக மூளைக்குள் நரம்பிழையை அனுப்ப வேண்டும். அங்கே தனக்குரிய புள்ளியைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். மனிதருக்குச் சுமார் 400 வகை வாசனை உணரிகள் இருப்பதால் இது அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. இந்த மறுவளர்ச்சிக்கு உதவத்தான் வாசனைப் பயிற்சி.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009-ல் இதை முறையாகச் சோதித்தது. வாசனை இழந்த 40 பேர் தினமும் இருவேளை நான்கு வாசனைகளை முகர்ந்தார்கள். வேறு 16 பேர் முகரவில்லை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கும் பூ, பழம், மசாலா, பிசின் என்ற நான்கு குடும்பங்களுக்குப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 12 வாரம் கழித்துச் சோதித்தபோது, பயிற்சி செய்தவர்களில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. செய்யாதவர்களில் அப்படி முன்னேறியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

நம் வீட்டில் இதற்கான பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நீலகிரித் தைலமும் கிராம்பு எண்ணெயும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ரோஜா எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் வாங்கிக்கொண்டால் போதும். மூடியுள்ள நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் சில துளிகள் விட்டுப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். எலுமிச்சை வாசனைதான் முதலில் மங்கும் என்பதால், வாசனை தெரிகிற இன்னொருவரை அவ்வப்போது முகர்ந்து பார்க்கச் சொல்வது நல்லது. செத்துப்போன குப்பியை மாதக்கணக்கில் முகர்ந்துவிட்டு, பலனில்லை என்று கைவிடுகிறவர்கள் உண்டு.

காலையில் சாப்பாட்டுக்கு முன்னும் இரவில் படுக்கும் முன்னும் ஒவ்வொரு குப்பியையும் மூக்கருகே பிடித்து, 15-லிருந்து 20 விநாடி மெல்ல மெல்லச் சிறு மூச்சாக முகர வேண்டும். பலமாக இழுக்கக் கூடாது. எண்ணெயை மூக்கில் தடவவோ விடவோ கூடாது. சில விநாடி இடைவெளி விட்டு அடுத்த குப்பி. முகரும்போது அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. முதல் நாளே தைலக் குப்பியைத் திறந்ததும், "எனக்கு வாசனை தெரிகிறதே!" என்பார்கள். அவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் வாசனை அல்ல, மூக்கில் ஏறுகிற குளிர்ச்சிதான். முகத்தின் தொடு உணர்வையும் எரிச்சலையும் அறிகிற வேறொரு நரம்பின் வேலை அது. கற்பூரம், வெங்காய நெடி, கடுகு நெடி எல்லாம் அந்த வழியாகவும் எட்டும். கிராம்பிலும் இது ஓரளவு உண்டு. ரோஜா வாசனைக்கு அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் கிடையாது. அதனால் முன்னேற்றத்தை ரோஜாக் குப்பியை வைத்து அளப்பதே நியாயமானது.

இரண்டாம் மாதத்தில் பயிற்சி தொடங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் குப்பிகளில் ஒன்றுமே இருக்காது. பிறகு ரோஜாவில் என்னவென்று சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று ஒரு நொடி வந்து போகும். மூன்றாம் மாதவாக்கில் ஒருநாள் காபி சாக்கடையாக நாறும். வெங்காயம் வதக்கினால் குமட்டும். பூண்டு, முட்டை, கோழிக்கறி எதையும் கிட்டே கொண்டுபோக முடியாது. சிலருக்குப் பற்பசைகூட ஆகாது. இதற்குத் தயாராக இல்லாதவர்கள் நோய் முற்றிவிட்டதாகப் பயந்துபோகிறார்கள். உண்மையில், செத்துக் கிடந்த நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இது பெரும்பாலும் அடையாளம். எல்லா வகை உணரிகளும் இன்னும் திரும்பவில்லை, இணைப்புகளும் சரியாக அமையவில்லை, அதனால் மூளைக்குச் செய்தி குறையாகப் போகிறது. வறுத்த, வதக்கிய உணவில் உண்டாகிற கந்தகம் கலந்த சில பொருள்கள் மிக நுண்ணிய அளவிலேயே இந்த நாற்றத்தைத் தூண்டிவிடுகின்றன என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபியைப் பிரித்துப் பார்த்துக் கண்டறிந்தார்கள்.

இந்தக் கட்டம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். வதக்கல், பொரியல், காபி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, வெறும் சோறு, தயிர், பழம் என்று ஆறின உணவாகச் சாப்பிட்டால் எடை இறங்காமல் தப்பிக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் இதை முரண்டு என்று எண்ணிவிடுவதுதான் நோயாளிக்கு மிகப் பெரிய துன்பம். அவருக்கு அந்தத் தட்டிலிருந்து எழுகிற நாற்றம் நிஜமானது.

எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கலாம்? 12 வாரம் என்பது குறைந்தபட்சம். 12 வாரத்துக்கு ஒருமுறை நான்கு வாசனைகளையும் மாற்றி, ஒன்பது மாதம் வரை தொடர்ந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. முதல் ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டாம் ஆண்டில் மீண்டவர்களும் உண்டு. ஆனால் முன்னேற்றம் என்றால் முழுசாகப் பழையபடி ஆவது என்று பொருளில்லை. மல்லிகையும் பிச்சியும் வேறுவேறு என்று சொல்ல முடியாமல், "பூ வாசனை" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு எதுவுமே திரும்புவதில்லை. தலையில் அடிபட்டு வாசனை போனவர்களுக்கு, வைரஸால் இழந்தவர்களைவிட வாய்ப்பு குறைவு.

மூக்கில் சதை வளர்ந்து அடைத்திருந்தால் பயிற்சியால் பயனில்லை. ஆகவே சில வாரங்களில் வாசனை திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது முறை. சளிக்காய்ச்சல் எதுவுமில்லாமல் வாசனை போனாலோ, ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ இருந்தாலோ தாமதிக்கவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவது ஆபத்து. வைரஸுக்குப் பிந்தைய வாசனை இழப்புக்கு அதை வழக்கமாகக் கொடுப்பதைப் பல நாட்டு நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். அந்த எச்சரிக்கை இவர்களுக்கு எட்டாது. மூக்கு திரும்பும்வரை இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பதும், கசிவைக் காட்டும் அலாரம் ஒன்றை மாட்டுவதும், குளிர்பெட்டியில் வைக்கும் குழம்புப் பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டுவதும் பயிற்சி தொடங்கும் நாளிலேயே செய்ய வேண்டியவை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். எனவே அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் பொருத்த வேண்டும்.