டிக்கெட்டை மூடுவது யார்?

மென்பொருள் நிறுவனங்களில் பிழைகளை டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடர ஜிரா பரவலாகப் பயன்படுகிறது. பிழையைத் திருத்திய புரோகிராமரே டிக்கெட்டை Done நிலைக்குத் தள்ளிவிட்டால், திருத்தம் சரிதானா என்று வேறொருவர் பார்க்காமலே போய்விடும். அதனால் அந்த நகர்வுக்கு நிபந்தனை வைக்கலாம்: டெஸ்டர் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும். மற்றவர்கள் திரையில் அந்தத் தேர்வே தெரியாது.

மீண்டும் திறக்கும் உரிமையை இவ்வளவு இறுக்கக் கூடாது. பிழையை முதலில் சொன்னவருக்கும் அது வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஏற்பாடு செய்யாவிட்டால், திறக்கும்போது Resolution என்ற கட்டம் காலியாகாது. வேலை நடக்கும், ஆனால் டிக்கெட் எண் அடித்த கோட்டோடே நிற்கும், தீராதவை பட்டியலிலும் வராது. அப்படிக் கண்டால், திறக்கும் நகர்விலேயே Resolution அழியும்படி அமைக்க அட்மினிடம் சொல்லுங்கள்.