குளியலறைக் குழாயில் இரண்டு ஆபத்துகள்

பிரிட்டன் மருத்துவமனைகளில் வெந்நீர் 60 டிகிரி செல்சியஸில் சேமிக்கப்படுகிறது. லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும் என்பதே காரணம். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். எனவே ஷவருக்கு அருகிலேயே வெப்பக் கட்டுப்பாட்டுக் கலவை வால்வு பொருத்தப்பட்டு, நீர் அதிகபட்சம் 41 டிகிரியில் வெளிவருகிறது. கலந்த வெதுநீர் பாக்டீரியாவுக்கு ஏற்றது என்பதால், வால்வுக்குப் பிந்தைய குழாய் முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும்.

வால்வைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் நின்றால் அது என்ன செய்யும் என்பது. தண்ணீர்க் குழாயில் வரத்து நின்றதும் வெந்நீரையும் அது உடனே அடைக்க வேண்டும். அடுத்தது அளவு. தேவைக்கு மேல் பெரிய வால்வில் குறைந்த நீரே ஓடும்போது வெப்பநிலை நிலையாக நிற்காது.

இந்த வால்வுக்குள் வெந்நீரும் தண்ணீரும் சந்திக்கின்றன. தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் வெந்நீர் அந்தக் குழாய்க்குள் புகுந்துவிடும். அதைத் தடுக்க இரு நுழைவாயில்களிலும் ஒருவழி வால்வுகள் வேண்டும். ஷவரைப் பயன்படுத்தாதபோதும் தண்ணீர்க் குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் ஒருவழி வால்வு கசிகிறது என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய, தண்ணீர் வரத்தை அடைத்து, ஒருவழி வால்வுக்கு முன்னுள்ள வடிகட்டி மூடியைத் திறக்க வேண்டும். குழாயில் தேங்கியது வடிந்த பின்னும் நீர் வந்துகொண்டிருந்தால் வால்வு பழுது.

மலத்தட்டு கழுவும் இயந்திரத்துக்கு ஒருவழி வால்வு போதாது. அங்கே வரத்துக் குழாயின் வாய்க்கும் தொட்டியின் அதிகபட்ச நீர்மட்டத்துக்கும் இடையே காற்று இடைவெளி தேவை. அது 20 மில்லிமீட்டர், அல்லது குழாய் உள்விட்டத்தின் இருமடங்கு, இவற்றில் எது பெரிதோ அதற்குக் குறையக் கூடாது.