ட்ரோனின் நடுக்கமும் வடிகட்டியின் தாமதமும்

ஐந்து அங்குல இறக்கை பூட்டிய ஒரு ரேஸிங் ட்ரோன் நிதானமாகப் பறக்கிறது. அதன் நான்கு மோட்டார்களும் அப்போது நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 200 சுற்று. இறக்கை இம்மியளவு சமன் குலைந்திருந்தாலும் போதும், சட்டம் முழுவதும் விநாடிக்கு 200 முறை அதிரும். ட்ரோன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய கைரோ சிப் அந்தச் சட்டத்தின் நடுவில்தான் இருக்கிறது. காற்று தள்ளியதால் வந்த உண்மையான சாய்வையும் மோட்டார் கிளப்பிய அதிர்வையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறது.

இந்தக் கலப்பட அளவீட்டை வைத்துக்கொண்டு ஃப்ளைட் கன்ட்ரோலர் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மோட்டார்களைத் திருத்துகிறது. அந்தத் திருத்தத்தில் ‘டி’ என்றொரு பங்கு உண்டு. அளவீடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டும் பார்ப்பது அது. வேகமான அதிர்வு அதன் கண்ணுக்குப் பூதாகரமாகத் தெரியும்: ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில், 20 ஹெர்ட்ஸ் அலையைவிட 200 ஹெர்ட்ஸ் அலை அதற்குப் பத்து மடங்கு பெரிது. விளைவாக, விநாடிக்கு 200 முறை ‘கூட்டு, குறை’ என்று மோட்டார்களுக்கு வீண் கட்டளை போகிறது. தரையிறங்கியதும் மோட்டாரில் விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வடிகட்டினால் சரியாகிவிடும். ஆனால் இந்த வகை வடிகட்டிகள் எதுவும் காலத்தை எடுத்துக்கொள்ளாமல் வேலை செய்வதில்லை. இப்போது வந்த மாற்றம் வெறும் நடுக்கமா, உண்மையான அசைவா என்று முடிவு செய்ய அடுத்தடுத்த அளவீடுகளையும் பார்த்தாக வேண்டும். அதற்குள் ட்ரோன் இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிடும். தன் இறக்கைகள் கலக்கிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் இறங்கும்போது உலுக்குமே, அந்த உலுக்கல் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ஒரு முழு ஆட்டத்துக்கு 20 மில்லி விநாடி. அதில் ஒரு மில்லி விநாடி பிந்தினால் 18 பாகை பிந்தியதாகும். நான்கு மில்லி விநாடி பிந்தினால் 72 பாகை. தாமதம் அந்த அளவுக்குப் போனால், ஆட்டத்தை அடக்கப் போன திருத்தமே அதைத் தூண்டிவிடத் தொடங்கும்.

வடிகட்டிகளில் மிக எளியது லோ-பாஸ். ஒரு வெட்டு அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை விடும், மேலே போகப் போக அடக்கும். இதன் ஒற்றைப் படி வகையை பீட்டாஃப்ளைட் மென்பொருளில் `PT1` என்பார்கள். மெதுவான அசைவுகளுக்கு அது சேர்க்கும் தாமதம் `1/(2πf)`. வெட்டு 500 ஹெர்ட்ஸ் என்றால் 0.32 மில்லி விநாடி, 100 ஹெர்ட்ஸ் என்றால் 1.6 மில்லி விநாடி. நம் 200 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமானால் `PT1`-இன் வெட்டை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். தாமதம் எட்டு மில்லி விநாடி ஆகிவிடும். நாம் பார்க்க விரும்பும் 50 ஹெர்ட்ஸ் உலுக்கலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய்ந்துபோகும். இரண்டு படி கொண்ட `BIQUAD` வகையை 63 ஹெர்ட்ஸில் வைத்தாலும் அதே அடக்கம் கிடைக்கும். அதற்கு ஆகும் தாமதம் 3.6 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸில் அது நான்கு மில்லி விநாடியாக வளர்கிறது. முன்சொன்ன 72 பாகை அதுதான்.

நாட்ச் வடிகட்டி எல்லாவற்றையும் அடக்காமல், ஒரே இடத்தில் குறுகிய பள்ளம் வெட்டுகிறது. பள்ளத்தின் ஒடுக்கத்தை `Q` என்ற எண் சொல்லும். தாமதம் `1/(2πfQ)`. 200 ஹெர்ட்ஸில் `Q` 5 என்று வைத்தால் 0.16 மில்லி விநாடி மட்டுமே. லோ-பாஸுடன் ஒப்பிட்டால் இது மலிவு. ஆனால் சரியான இடத்தில் பள்ளம் விழுந்தால்தான் பயன். த்ராட்டிலைத் தள்ளியதும் 200 ஹெர்ட்ஸ் 500 ஹெர்ட்ஸாகி ஓடிவிடும். கைரோ அளவீட்டையே அலசி, அதிர்வின் உச்சத்தைத் தேடிப் பின்தொடரும் டைனமிக் நாட்ச் அதற்காக வந்தது. தேடிக் கண்டுபிடிக்கவும் நேரம் ஆகும் என்பதால் சட்டென்று த்ராட்டில் மாறும்போது அது பின்தங்கும்.

மோட்டாரின் வேகத்தை மோட்டாரிடமே கேட்டுவிட்டால் தேட வேண்டியதே இல்லை. 2019-இல் வந்த பீட்டாஃப்ளைட் 4.1 இதைச் செய்தது. மோட்டாரை ஓட்டும் ஈ.எஸ்.சி., கட்டளை வந்த அதே கம்பியில் தன் மோட்டாரின் வேகத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று நாட்ச்: சுற்றும் வேகத்தில் ஒன்று, அதன் இரு மடங்கில் ஒன்று, மும்மடங்கில் ஒன்று. நான்கு மோட்டாருக்கும் சேர்த்து ஓர் அச்சுக்குப் பன்னிரண்டு. மூன்று அச்சுக்கும் முப்பத்தாறு.

ஆர்பிஎம் வடிகட்டிக்குத் தாமதமே இல்லை என்று பலர் சொல்லக் கேட்கிறேன். அது சரியல்ல. 200, 400, 600 ஹெர்ட்ஸில் நிற்கும் மூன்று நாட்ச்களின் தாமதத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 0.29 மில்லி விநாடி வரும். நான்கு மோட்டாருக்கு 1.2. மோட்டார்கள் 30,000 சுற்றுக்கு ஏறும்போது அது 0.5-க்கும் கீழே இறங்கும். ஆக, மெதுவாகச் சுற்றும்போதுதான் விலை அதிகம். நாட்ச் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காதபடி இயல்பாகவே வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது: மோட்டார் அதிர்வு போய்விட்டதால், மிச்சமுள்ள இரைச்சலுக்கு 500 ஹெர்ட்ஸில் ஒரு `PT1` போதும். இரண்டும் சேர்ந்து 1.5 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸில் 72 பாகையாக இருந்த பின்னடைவு 27-க்கு வந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கவும் வழி இருக்கிறது. மூன்று இதழ் இறக்கையில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை இதழ்கள் சட்டத்தின் கையைக் கடப்பதால் மும்மடங்கு அதிர்வு பலமாக இருக்கும், இரு மடங்கு பெரும்பாலும் சொற்பம். பீட்டாஃப்ளைட் 4.5-இல் அந்த நடு நாட்ச்சை மட்டும் விலக்கலாம். நம் கணக்கில் 0.3 மில்லி விநாடி மிஞ்சும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஓர் எண்ணை நம்பி நிற்கிறது. ஈ.எஸ்.சி. எண்ணுவது மோட்டாரின் மின்சுழற்சிகளை. 14 காந்தம் உள்ள மோட்டாரில் ஒரு சுற்றுக்கு ஏழு மின்சுழற்சி, 12 காந்தம் என்றால் ஆறு. இயல்பு அமைப்பு 14. சின்ன மோட்டார்கள் பலவற்றில் 12 காந்தம்தான் இருக்கும். அதை மாற்றாமல் பறந்தால், 200 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு 171 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். `Q` 5 உள்ள அந்தப் பள்ளத்தைத் தாண்டி 200 ஹெர்ட்ஸ் அதிர்வில் 84 சதவீதம் அப்படியே கடந்துவிடும். தாமதம் என்னவோ முழுதாகவே இருக்கும். மோட்டாரின் மேல்மூடிக்குள் காந்தங்களை எண்ணிவிட்டு இப்படித் திருத்தலாம்:

```
set motor_poles = 12
save
```

திருத்தம் பலித்ததா என்று பார்க்க, ட்ரோன் பதிந்துவைத்த பிளாக்பாக்ஸ் பதிவை எடுத்து, த்ராட்டிலுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள வெப்பப் படத்தை வரைய வேண்டும். வடிகட்டாத கைரோவில், த்ராட்டிலோடு சாய்வாக ஏறும் பிரகாசக் கோடுகள் மோட்டாருடையவை. வடிகட்டிய படத்தில் அவை மறைந்திருக்க வேண்டும். சாயாமல் செங்குத்தாக ஒரு கோடு மட்டும் மிஞ்சினால் அது சட்டத்தின் சொந்த அதிர்வு. மோட்டார் வேகத்தோடு அது நகராததால் ஆர்பிஎம் வடிகட்டிக்கு அது தெரியாது. அதற்கு ஒரே ஒரு டைனமிக் நாட்ச்சை விட்டுவைக்கலாம். அதைவிட முதலில் சட்டத்தின் கைகளில் தளர்ந்த திருகையும் விரிசலையும் தேடுவதே நல்லது என்பேன், அப்படிச் சரிசெய்ததற்குத் தாமதமே கிடையாது.