குப்பைக்குப் போன மெயிலைத் தேடிப் பிடிக்க

ஓர் ஆடிட்டர் அலுவலகம். எல்லோரும் பார்க்கும் பொது ஜிமெயில் பெட்டி ஒன்று. தினமும் வந்து குவியும் விளம்பர மெயில்களை அப்புறப்படுத்த, இரவில் தானாக ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் போன் செய்கிறார்: “சார், பில் அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, பார்த்தீங்களா?” உதவியாளர் ஜிமெயிலில் தேடிப் பார்க்கிறார், ஒன்றும் அகப்படவில்லை. சாதாரணத் தேடல் குப்பைப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. `in:anywhere` என்று சேர்த்துத் தேடினால்தான் பில் தென்படுகிறது.

அந்த ஒரு பில்லை மீட்பது எளிது. ஆனால் அதோடு வேறு எவையெல்லாம் போயின? குப்பைப் பெட்டியில் பல நூறு மெயில்கள் கிடக்கும். எதை ஸ்கிரிப்ட் போட்டது, எதை ஊழியர் கையால் போட்டார் என்று அங்கே எழுதியிருக்காது. முப்பது நாள் கழிந்தால் ஜிமெயில் அவற்றை அடியோடு அழித்துவிடும்.

ஸ்கிரிப்ட் தான் செய்வதை ஒரு கூகுள் ஷீட்டில் வரி வரியாக எழுதி வந்திருந்தால் கதையே வேறு. ஒரு மெயிலுக்கு ஒரு வரி போதும்: நேரம், எத்தனையாவது ஓட்டம், எந்த விதியின் எந்தப் பதிப்பு, மெயிலின் அடையாள எண், அனுப்பியவர், தலைப்பு, தொடுவதற்கு முன் அதன்மேல் இருந்த லேபிள்கள், செய்த காரியம், நிலை. இவற்றில் பலரும் விட்டுவிடுவது முந்தைய லேபிள்களை. அவை இல்லாவிட்டால் மெயிலைக் குப்பையிலிருந்து எடுக்கலாமே தவிர, அது படிக்காத மெயிலாக இருந்ததா, நட்சத்திரம் போட்டிருந்ததா என்று தெரியாது. அலுவலகங்களில் நட்சத்திரம்தான் பாதி வேலைப் பட்டியல்!

எழுதும் வரிசையும் முக்கியம். காரியத்துக்கு முன்பே வரியை எழுதிவிட வேண்டும்.

```
log.appendRow([new Date(), run, "news-v3", msg.getId(),
  msg.getFrom(), msg.getSubject(), before, "TRASH", "start"]);
SpreadsheetApp.flush();
msg.moveToTrash();
```

நடுவில் உள்ள `flush` வரியைத் தேவையில்லை என்று நீக்கிவிடாதீர்கள். ஷீட்டில் எழுதும் வேலைகளைக் கூகுள் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாகச் செய்யக்கூடும். ஸ்கிரிப்டுக்கோ ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் வழக்கமான வரம்பு. நடுவில் நின்றுபோனால், மெயில் நகர்ந்திருக்கும், வரி இருக்காது. காரியம் முடிந்ததும் நிலையை `done` என்று மாற்ற வேண்டும். `start` என்றே நின்றுவிட்ட வரிகளுக்கு மட்டும் மெயில் இப்போது எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு ஷீட் இருந்தது என்று கொண்டு, இனி பில்லுக்கு வருவோம். அதன் வரியில் விதி `news-v3` என்று இருக்கிறது. முந்தைய பதிப்பு, குறிப்பிட்ட சில முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் அள்ளியது. மூன்றாம் பதிப்பில் யாரோ அதைத் தளர்த்தி, மெயிலுக்குள் `unsubscribe` என்ற சொல் இருந்தாலே போதும் என்று மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளரின் பில்லிங் மென்பொருளோ ஒவ்வொரு பில்லின் அடியிலும் அந்தச் சொல்லை ஒட்டி அனுப்புகிறது. ஷீட்டை `news-v3` என்று வடிகட்டி, அனுப்பியவர் வாரியாக அடுக்கி, முந்தைய பதிப்பின் வரிகளோடு ஒப்பிட்டால், அது தொட்டே இராத முகவரிகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எண்ணிக்கை திடீரென்று கூடுவதைவிட இதுதான் நம்பகமான அறிகுறி என்பேன். பத்துப் பதினைந்து பில்கள் நூற்றுக்கணக்கான விளம்பரங்களில் கரைந்துவிடும், புது முகவரி கரையாது.

இன்னொரு பொறி, `thread.moveToTrash()`. தேடலில் ஒரே ஒரு மெயில் சிக்கினாலும் இது அந்த உரையாடல் முழுவதையும் தூக்கிப் போடும். வாடிக்கையாளர் ஒரு விளம்பரத்தை மேற்கோளாகச் சேர்த்துப் பதில் போட்டிருந்தால், ஆறு மாதக் கடிதப் போக்குவரத்தே குப்பைக்குப் போகும். அதனால்தான் மேலே மெயில் மெயிலாகத் தொட்டோம், மெயில் மெயிலாக எழுதினோம்.

மீட்கும்போது, தவறான வரிகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றும் ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலேயே இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கிடையில் யாராவது அதை வேறு லேபிளுக்கு மாற்றியிருந்தால் கைவைக்காமல், பட்டியலில் தனியே காட்டிவிட வேண்டும். மனிதர் செய்ததை ஸ்கிரிப்ட் அழிக்கக்கூடாது. மற்றவற்றைக் குப்பையிலிருந்து எடுத்து, பதிவில் உள்ள பழைய லேபிள்களோடு ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்க்க வேண்டும். இந்த மீட்பும் ஒரு ஓட்டம்தான். அதற்கும் புது எண், புது வரிகள்.

தானாகப் போன பதில், வெளியே முன்னனுப்பிய மெயில், நிரந்தரமாக அழித்தது ஆகியவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. நிரந்தரமாக அழிக்கும் கட்டளையை ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கவே வேண்டாம். முப்பது நாள் தாண்டிய மெயிலுக்கும் பதிவால் உயிர் கொடுக்க முடியாது. ஆனால் அனுப்பியவர் பெயரும் தலைப்பும் தேதியும் கையில் இருந்தால், “இந்தத் தேதியில் அனுப்பிய பில்லை மறுபடி அனுப்புங்கள்” என்று கேட்கலாம். ஆகவே ஷீட்டை முப்பது நாளுக்கும் மேலாக வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் அதில் இருப்பதால், மெயில்பெட்டியைத் திறக்க உரிமையுள்ளவர்களுக்கு மட்டுமே அதையும் பகிர வேண்டும்.