25-30 என்பது ஒரு எண் அல்ல

மாஞ்சோலைக்கு மலையேறும் ரோட்டில், மணிமுத்தாறுக்குக் கொஞ்சம் முன்னாடியே எங்கள் வயல். பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் மருந்தடிக்காமல் காய்கறி போடுகிறோம். அம்பைக்கோ, பாளை மகாராஜநகர் உழவர் சந்தைக்கோ யார் போனாலும் அன்றைய விலையை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். 'கத்தரி 28-40', 'சுரை 10-12', 'எலுமிச்சை 90 முதல் 120' என்று இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. "பேங்க்ல லெட்ஜர் பாத்தவருதானே" என்றார்கள்.

2024-ல் எக்செல்லில் ஒரே பத்தியில் அப்படியே அடித்து வந்தேன். இரண்டு வாரம் கழித்து சுரைக்காய்க்குச் சராசரி போட்டால் கிலோ 45636 ரூபாய் என்கிறது! தங்கமே அவ்வளவு வேகமாக ஏறவில்லை.

நடந்தது இதுதான். 10-12 என்று அடித்ததும் எக்செல் அதை டிசம்பர் 10 என்ற தேதியாக எடுத்து, '10-Dec' என்று மாற்றிவிட்டது. தேதியை அது உள்ளே ஒரு நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கும். 2024 டிசம்பர் 10-க்கு அந்த எண் 45636. சரி, மற்ற நாட்களின் 14-18, 15-20 எல்லாம் எங்கே போயிற்று? அவை தேதியாக முடியாததால் வெறும் எழுத்தாக நின்றுவிட்டன. AVERAGE எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஆக மிஞ்சியது அந்த ஒரு தேதி மட்டும்தான். இப்படி மாறிப்போனதைத் திருப்பவும் பார்க்காதீர்கள். அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டரில் அதே 10-12 '12-Oct' ஆகியிருக்கும். பழைய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து மறுபடி அடிப்பதுதான் வழி.

எல்லோரும் போனில் பார்க்கட்டும் என்று பிறகு கூகுள் ஷீட்ஸுக்கு மாறினேன். விலை எழுதும் C பத்தியை, ஒன்றும் அடிப்பதற்கு முன்பே, Format → Number → Plain text என்று மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றிப் பிரயோஜனமில்லை. அடுத்து D-யில் குறைந்த விலை, E-யில் கூடிய விலை:

```
=VALUE(REGEXEXTRACT(SUBSTITUTE(C2,",",""),"\d+\.?\d*"))
=VALUE(REGEXEXTRACT(SUBSTITUTE(C2,",",""),"(\d+\.?\d*)\D*$"))
```

முதலாவது, கண்ணில் படும் முதல் எண்ணை எடுக்கிறது. இரண்டாவது, கடைசி எண்ணை. நடுவில் சின்னக் கோடு, பெரிய கோடு, 'முதல்' எது இருந்தாலும் கவலையில்லை. முன்னால் 'ரூ.' இருந்தாலும் சரி. Split text to columns என்ற கட்டளையும் உண்டு, ஆனால் கோடு ஆளுக்கொரு தினுசாக இருந்தால் அது பிரிக்காது. 1,200-1,500 என்று மூட்டை விலை வந்தால், காற்புள்ளியை நீக்கவே SUBSTITUTE. இல்லாவிட்டால் 1-ம் 500-ம் வந்து நிற்கும். வெறும் '20' என்று இருந்தால் இரண்டு பத்தியிலும் 20 வரும், அது சரிதான். 'கிலோ' என்று எழுதினால் தொந்தரவில்லை. '60-80 / 250 கிராம்' என்று எழுதினால் 250 கூடிய விலையாகிவிடும். அளவைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

பிரித்ததோடு விடாமல் F-ல் ஒரு சோதனை வையுங்கள்:

```
=E2<D2
```

TRUE என்று வந்தால் அந்த வரியை நிறுத்திப் பாருங்கள். எனக்கு முதல் மாதத்தில் இரண்டு அகப்பட்டன. ஒன்று 'எலுமிச்சை 110-30'. எழுதியவர் மனசில் 130. மற்றது 'தக்காளி நாட்டு 40 ஹைபிரிட் 25'. அது விலை வரம்பே இல்லை, இரண்டு சரக்கு. இரண்டு வரியாக எழுத வேண்டியது. அதையே ஹைபிரிட்டை முன்னால் வைத்து எழுதியிருந்தால் சோதனையில் தப்பியிருக்கும். ஆகவே C பத்தியை ஒருபோதும் அழிக்காதீர்கள். வவுச்சரைக் கிழித்துவிட்டு லெட்ஜரை மட்டும் வைத்துக்கொள்வார்களா யாரும்?

இதனால் என்ன கண்டோம்? வயலுக்கு வரும் வியாபாரி கத்தரிக்கு 26 கேட்டார். D பத்தியைப் பார்த்தால் பதினான்கு நாளில் இரண்டு நாள்தான் 24. மற்ற நாட்களில் 28-க்குக் குறையவில்லை. ஆட்டோ கூலி கிலோவுக்கு 2 போனால் கையில் 26. அவர் கேட்டது சந்தையின் அடிவிலை. 29 சொன்னோம், 28-க்கு முடிந்தது.

ஒரு தப்பு மட்டும் செய்துவிடாதீர்கள். 28-40 என்றால் நடுவே 34 என்று கணக்குப் போடத் தோன்றும். 40-க்குப் போனது முதல் தரம் ஒரு பெட்டியாக இருக்கலாம், மீதி எல்லாம் 30-க்குப் போயிருக்கும். 200 கிலோவுக்கு 6,800 வரும் என்று நினைத்துப் போய் 6,000-த்தோடு திரும்புவீர்கள். மத்திய அரசின் அக்மார்க்நெட் பட்டியலிலும் குறைந்தது, கூடியது என்ற இரண்டோடு, அதிகம் விற்ற விலைக்கென்று மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கிறது. அதைக் கணக்கில் கண்டுபிடிக்க முடியாது, சந்தையில் நின்றவரைத்தான் கேட்க வேண்டும். 'நெறைய எதுக்கு போச்சு?' என்று இப்போது தினமும் கேட்டு வாங்குகிறேன். பாதிப் பேர் இன்னும் எழுத மறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறேன்.