புதிய ஆசிரியரின் முகப்புக் கடிதம்

முகப்புக் கடிதம் என்பது பணிக்கு விண்ணப்பிப்பவர் தம் தன்விவரக் குறிப்புக்கு மேலே வைத்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதமாகும். தமிழ்நாட்டில் கல்வியியல் இளையர் (பி.எட்.) படிப்பை முடித்தவர்கள் தனியார் பள்ளிகளுக்கு இத்தகைய கடிதத்தைப் பெரும்பாலும் கோடை விடுமுறையையொட்டி அனுப்புகின்றனர். பள்ளியின் தாளாளர் அல்லது முதல்வருக்கு இது முகவரியிடப்படும். ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். தமிழாசிரியர் பணிக்கு மட்டும் தமிழில் எழுதுவது பொருத்தமானது.

பட்டங்களும் மதிப்பெண்களும் தன்விவரக் குறிப்பிலேயே இருப்பதால் அவற்றைக் கடிதத்தில் திரும்ப எழுதுவதில் பயனில்லை. பணி அனுபவம் இல்லாதவர் வகுப்பறையில் என்ன செய்வார் என்பதே படிப்பவரின் கேள்வி. அதற்கு விடை தரக்கூடியது கற்பித்தல் பயிற்சிக் காலம்.

பயிற்சிக் காலத்தை எழுதுதல்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். ஈராண்டுப் படிப்பாகும். அதில் மொத்தம் 20 வாரங்கள் பள்ளியில் கழிகின்றன. ஆனால் பல கடிதங்களில் இக்காலம் "பயிற்சியைச் சிறப்பாக முடித்தேன்" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது.

எடுத்துக்காட்டாக, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் பணியை நாடும் ஒருவரைக் கொள்ளலாம். பயிற்சியின்போது 7ஆம் வகுப்புக்கு முழுக்களின் கழித்தலை அவர் நடத்தினார். 5 − (−3) என்பதற்கு மாணவர் பலர் 2 என்று எழுதினர். அடைப்புக்குள் இருந்த கழித்தல் குறியை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. குறி விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதிலாக அவர் கரும்பலகையில் 5 − 2 = 3, 5 − 1 = 4, 5 − 0 = 5 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடுத்த வரி 5 − (−1) என்னவாக இருக்கும் என்று கேட்டார். விடை ஒவ்வொன்றாகக் கூடுவதைக் கண்ட மாணவர்கள் 6 என்றனர். இன்னும் இரண்டு வரிகளில் 8 கிடைத்தது. மறுநாள் வைத்த சிறுதேர்வில் பழைய பிழை சிலரிடம் மட்டுமே எஞ்சியது. அவர்களை அழைத்து எண் கோட்டில் மீண்டும் செய்ய வைத்தார்.

இது கடிதத்தில் பின்வருமாறு அமையலாம்:

"7ஆம் வகுப்பில் முழுக்களின் கழித்தலை நடத்தியபோது 5 − (−3) = 2 என்ற பிழை பரவலாக இருந்தது. 5 − 2, 5 − 1, 5 − 0 என்ற வரிசையைத் தொடரச் செய்து 8 என்ற விடையை மாணவர்களே கண்டறிய வைத்தேன். மறுநாள் சிறுதேர்வில் தவறிய சிலருக்கு எண் கோட்டைக் கொண்டு மீண்டும் கற்பித்தேன். இப்பாடத்தையே தங்கள் பள்ளியில் மாதிரி வகுப்பாக நடத்திக் காட்ட இயலும்."

சிலருக்கு முதலில் புரியவில்லை என்பதையும் எழுதியிருப்பதே இப்பத்தியின் வலு. எல்லோரும் உடனே புரிந்துகொண்டனர் என்ற வரியை அனுபவமுள்ள எந்த முதல்வரும் நம்பமாட்டார். நேர்காணலில் இதைப் பற்றித்தான் கேள்வி எழும் என்பதால், நடத்தாத பாடத்தை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பயிற்சி வாரங்களைப் "பணி அனுபவம்" என்று குறிப்பிடுவதும் இதே ஆபத்து உடையது. பள்ளி அனுபவச் சான்றிதழைக் கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.

தகுதியும் சான்றிதழ்களும்

2010ஆம் ஆண்டு அறிவிக்கை 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கற்பிப்பவருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வை (டெட்) குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக்கியது. 6 முதல் 8 வரை கற்பிக்க இரண்டாம் தாள் உரியது. தேர்ச்சி பெற்றிருந்தால் ஆண்டுடன் குறிப்பிட வேண்டும். தேர்வெழுதி முடிவு வரவில்லை என்றால் அதை அப்படியே எழுதுவதே முறை. "டெட் தகுதி" என்று மழுப்பி எழுதினால் ஆவணச் சரிபார்ப்பில் கடிதம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும். பட்டச் சான்றிதழ் கைக்கு வராதவர் தற்காலிகச் சான்றிதழ் இருப்பதாக எழுதலாம்.

இணைப்புகளைப் பற்றிய வரிக்குக் கவனம் தேவை. "சான்றிதழ்கள் இணைக்கப்பட்டுள்ளன" என்று பொதுவாக எழுதாமல், "நகல்களை இணைத்துள்ளேன், அசல் சான்றிதழ்களை நேர்காணலில் சரிபார்ப்புக்குக் காட்டுவேன்" என்று எழுதுவது நல்லது. ஆசிரியர் இடையில் விலகிவிடாதிருக்க அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. அசலைக் காட்டுவது வேறு, ஒப்படைப்பது வேறு என்ற வேறுபாட்டை முதல் கடிதத்திலேயே பணிவாக எழுதி வைப்பது பின்னர் பேசுவதை எளிதாக்கும்.

எதிர்பார்க்கும் ஊதியத்தை விளம்பரம் கேட்டிருந்தால் மட்டும் குறிப்பிடலாம். எந்த நாளிலிருந்து பணியில் சேர இயலும் என்பதைக் கேட்காவிட்டாலும் எழுத வேண்டும். பள்ளி திறக்கும் நாளை மனத்தில் வைத்தே நிர்வாகம் கடிதங்களைப் பிரிக்கிறது.