பட்டை எந்த நொடியில் வந்து சேர்கிறது?

தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் பேசத் தொடங்குகிறார். இரண்டு நொடி கழித்துத் திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு பட்டை நகர்ந்து வந்து நிற்கிறது. மேல் வரியில் அவர் பெயர், கீழ் வரியில் அவர் துறை. நான்கைந்து நொடி இருந்துவிட்டு மறைகிறது. இதை லோயர் தேர்ட் என்பார்கள். செய்தி அறைகளில் இன்னமும் ‘ஆஸ்டன்’ என்று கேட்பவர்கள் உண்டு. திரையில் எழுத்துப் போடும் கருவிகளைச் செய்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர் அது. கருவி போனாலும் பெயர் தங்கிவிட்டது.

ஒரே நிறம், ஒரே எழுத்துரு, ஒரே அளவில் இரண்டு பேரைப் பட்டை செய்யச் சொல்லுங்கள். ஒன்று பார்வைக்கு இதமாக வந்து அமரும். இன்னொன்றை யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் இருக்கும். வித்தியாசம் முழுவதும் பட்டை உள்ளே வரும் அந்த முக்கால் நொடியில்தான் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் அந்த முக்கால் நொடியைத் திறந்து பார்க்கும் இடம் கிராஃப் எடிட்டர்.

கணக்கு எளிமையாக இருக்கட்டும். படத்தின் அகலம் 1920 பிக்சல். இந்தியத் தொலைக்காட்சி வழக்கப்படி நொடிக்கு 25 பிரேம். பட்டை 600 பிக்சல் தூரம் நகர வேண்டும். அதற்கு 20 பிரேம் தருகிறோம். பூஜ்யமாவது பிரேமில் ஒரு கீஃப்ரேம், இருபதாவதில் ஒன்று. ‘இங்கிருந்து கிளம்பு, அங்கே போய் நில்’ என்பது மட்டும்தான் இந்த இரண்டு குறிகளும் மென்பொருளுக்குச் சொல்வது. இடைப்பட்ட தூரத்தை அது சமமாகப் பங்கு போடுகிறது: ஒரு பிரேமுக்கு 30 பிக்சல். கிளம்பும்போதும் 30, நிற்பதற்கு முந்தைய பிரேமிலும் 30, அடுத்த பிரேமில் பூஜ்யம். எடை உள்ள எந்தப் பொருளும் அப்படி நிற்பதில்லை என்று கண்ணுக்குத் தெரியும். கயிறு கட்டி இழுத்த தோற்றம் அதனால்தான்.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் மருந்து F9 விசை. இரண்டு கீஃப்ரேமையும் தேர்ந்து அதைத் தட்டினால் ‘ஈஸி ஈஸ்’ ஏறிவிடும். பட்டை மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெல்ல நிற்கும். ஊஞ்சலின் ஓட்டம் இது: இரண்டு முனையிலும் தயக்கம், நடுவில் விரைவு. ஆனால் பேர்ப்பட்டைக்கு ஊஞ்சலின் ஓட்டம் பொருந்தாது. கிளம்பும்போது அது தயங்குவதால் யாருக்கும் பயனில்லை. பார்ப்பவர் பெயரைப் படிக்கக் காத்திருக்கிறார். சட்டென்று வர வேண்டும், நிற்பதில்தான் நிதானம் வேண்டும். F9 தட்டியதோடு நின்றுவிடும் வேலைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம் இந்தச் சமச்சீர்தான்.

இப்போது Shift+F3 தட்டினால் கிராஃப் எடிட்டர் திறக்கும். அதில் இரண்டு வகை வரைபடம் உண்டு. ஒன்று, பொருள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது. மற்றது, எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டுவது. பட்டையின் நகர்வுக்கு வேக வரைபடத்தையே நான் எடுத்துக்கொள்வேன். ஈஸி ஈஸ் ஏறிய பட்டைக்கு அதில் ஒரு சீரான குன்று தெரியும். அடிவாரம் இரண்டும் பூஜ்யத்தில், உச்சி நட்டநடுவில். உச்சியில் நொடிக்கு 1125 பிக்சல்.

குன்றின் இரு அடியிலும் மஞ்சள் கைப்பிடிகள் இருக்கும். அவற்றை நீட்டினால் குன்று சாய்கிறது, குறுக்கினால் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இதில் மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: குன்றுக்கு அடியில் உள்ள பரப்புதான் பட்டை கடந்த தூரம். நாம் 600 பிக்சல் என்று தீர்மானித்துவிட்டோம், பரப்பு மாறாது. ஒரு பக்கம் மண்ணைக் குவித்தால் இன்னொரு பக்கம் குறைந்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் வேகத்தைக் குவித்தால் முடிவு தானாக மெலிந்து நீள்கிறது. நாம் தேடுவதும் அதுதான்.

கையால் இழுக்காமல் எண்ணாகக் கொடுக்க, கீஃப்ரேமின் மேல் வலது கிளிக் செய்து `Keyframe Velocity` பெட்டியைத் திறக்கலாம். அங்கே `Influence` என்று ஒரு விகிதம் இருக்கும். கைப்பிடி எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதன் அளவு அது. F9 தட்டினால் இரண்டு பக்கமும் 33.33. நம் பட்டைக்கு, கிளம்பும் கீஃப்ரேமில் வெளிச்செல்லும் பக்கம் 20, நிற்கும் கீஃப்ரேமில் உள்வரும் பக்கம் 80 என்று கொடுப்போம். இரண்டிலும் வேகம் பூஜ்யமே.

இப்போது பிரேம் பிரேமாகத் தள்ளிப் பாருங்கள். முதல் பிரேமில் பட்டை 14 பிக்சல்தான் நகர்கிறது. மூன்றாவது பிரேமில் 125ஐத் தொடுகிறது. நான்காவதில் 200; அந்த ஒரே தாவலில் 75 பிக்சல். பத்தாவது பிரேமில், அதாவது பாதி நேரத்தில், ஏறக்குறைய 490 பிக்சல் கடந்துவிட்டது. மீதிப் பத்து பிரேமுக்கு மிச்சம் 110 பிக்சல். கடைசி இரண்டு பிரேமில் நகர்வது மூன்றே பிக்சல்.

கீஃப்ரேம் இருபதில் இருக்கிறது. ஆனால் பட்டை எப்போது வந்தது என்று யாரையாவது கேட்டால் பன்னிரண்டாவது பிரேம் வாக்கில் கையைக் காட்டுவார்கள். கண் முற்றுப்புள்ளியைத் தேடுவதில்லை. வேகம் விழும் இடத்தைத்தான் ‘வந்தாயிற்று’ என்று எடுத்துக்கொள்கிறது. மீதி எட்டு பிரேம் அமர்வது மட்டுமே. இது பிடிபட்ட பிறகு பல முடிவுகள் தாமாக வரும். பெயர் எழுத்துகள் பட்டைக்குள் எப்போது தோன்ற வேண்டும்? இருபதாவது பிரேம் வரை காத்திருந்தால் வெற்றுப் பட்டை நிற்பதுபோல் இருக்கும். நான்காவது அல்லது ஐந்தாவது பிரேமிலேயே அவற்றைக் கிளப்பினால் பட்டை அமரும்போது பெயரும் கூடவே அமரும். அதேபோல் நிற்கும் பக்க விகிதத்தைப் பேராசையாக 100 வரை இழுத்தால், பார்ப்பவர் பெயரைப் படிக்கத் தொடங்கிய பிறகும் எழுத்து ஊர்ந்துகொண்டே இருக்கும். சிறிய எழுத்தில் அது கண்ணை உறுத்தும். 70க்கு இறக்கினால் சரியாகிவிடும்.

எழுத்துகளைத் தனித்தனியாக அசைக்கும்போது தமிழுக்கென்று ஒரு கவனம் தேவை. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனித் துண்டுகள். எழுத்து எழுத்தாக வரவைத்தால் கொம்பு முன்னால் வந்து தனியாக நின்று, பிறகு ‘க’ வந்து சேரும். டெக்ஸ்ட் அனிமேட்டரின் `Based On` பகுதியில் `Words` என்று மாற்றிவிட்டால் சொல் சொல்லாக வரும். எழுத்தை மறைத்துக் காட்டும் முகமூடிச் சட்டத்தையும் மேலும் கீழும் கொஞ்சம் தாராளமாக வரையுங்கள். ‘கூ’வின் வாலும் ‘தி’யின் கொக்கியும் வெட்டுப்படுவது அங்கேதான்.

பட்டை வந்துவிட்டது, இனி நான்கு நொடி அசையாமல் நிற்க வேண்டும். 20வது பிரேமில் ஒரு கீஃப்ரேம், அதே இடத்தில் 120வது பிரேமில் இன்னொன்று, பிறகு வெளியேற 132வதில் ஒன்று. மதிப்பு ஒன்றுதான், ஆகவே அசையாது என்று நினைப்போம். ஓடவிட்டால் பட்டை மெல்ல வலப்பக்கம் நழுவி, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும். முதன்முறை இதைப் பார்த்தபோது என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். நகரும் பாதையையும் மென்பொருள் தானாக வளைவாக்கப் பார்க்கிறது. முன்னும் பின்னும் உள்ள நகர்வின் திசையை வைத்து, நிற்கும் இடத்திலும் ஒரு சிறு கண்ணி போட்டுவிடுகிறது. வேக வரைபடத்தில் உடனே பிடிபடும்: 20க்கும் 120க்கும் நடுவில் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு எழும்பியிருக்கும். அந்தக் கீஃப்ரேம்களைத் தேர்ந்து Ctrl+Alt+K தட்டி, `Spatial Interpolation` என்பதை `Linear` ஆக்கினால் மேடு படுத்துவிடும். நேர மாற்றத்தின் வளைவு வேறு, பாதையின் வளைவு வேறு. இரண்டும் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பதை அறியாமல் மணிக்கணக்கில் தேடியவர்கள் என்னைச் சேர்த்து நிறையப் பேர்.

வெளியேறும் அந்த 12 பிரேம் எளிது. மெல்லத் தொடங்கி வேகமாக ஓடிவிட வேண்டும். விகிதம் 80, 20 என்று தலைகீழாகும். போகிற பட்டையை யாரும் வழியனுப்பக் காத்திருப்பதில்லை, அதனால் வரவைவிடப் போக்கு சுருக்கமாக இருக்கலாம்.

லோகோ ஸ்டிங் என்பது நிகழ்ச்சியின் முன்னோ பின்னோ வரும் மூன்று நான்கு நொடி முத்திரை: லோகோ வந்து அமர்கிறது, கூடவே ஒரு ஒலி. பட்டையில் கற்றது இங்கே ஒலியோடு மோதுகிறது. ஆரம்ப காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு நான் செய்த ஸ்டிங்கில், லோகோ 40 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டுக்கு 20 பிரேமில் பெருகி அமரும். வளைவு அதே 20, 80. மணியோசையின் முதல் அடியைக் கடைசிக் கீஃப்ரேமில், இருபதாவது பிரேமில் கச்சிதமாகப் பொருத்தினேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: சத்தம் தாமதமாக வருகிறது. கீஃப்ரேமும் ஒலி அலையும் ஒரே கோட்டில் இருப்பதைக் காட்டி வாதாடினேன். பிறகு ஒலியை ஒவ்வொரு பிரேமாக முன்னே தள்ளினேன். பன்னிரண்டில் போய் உட்கார்ந்ததும் எல்லாம் சேர்ந்துகொண்டது. அந்தப் பிரேமில் லோகோ 93 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கண்ணைப் பொறுத்தவரை அது வந்துவிட்ட லோகோ.

வருவது அறையும் அடியாக இருந்தால் வளைவு முற்றிலும் வேறு. இங்கே மதிப்பு வரைபடத்துக்கு மாறுங்கள். லோகோ 300 விழுக்காட்டில் தொடங்கி எட்டாவது பிரேமில் 100ஐத் தொடுகிறது. 12வதில் 106க்குத் துள்ளி, 18வதில் 100க்குத் திரும்பி அடங்குகிறது. எட்டாவது பிரேமுக்கு வரும் கோடு கடைசியில்தான் செங்குத்தாக விழ வேண்டும். அங்கே வளைவு கூடாது, கூர்முனை வேண்டும். தரையில் விழுந்த பந்து திரும்பும் இடம் அது. அந்தக் கீஃப்ரேமில் F9 தட்டினால் முனை உருண்டுவிடும், அடி பஞ்சில் விழுந்ததுபோல் ஆகும். கூர்முனை இருக்கும்வரை கண்ணும் கீஃப்ரேமும் ஒரே இடத்தைச் சொல்கின்றன. ஒலியை எட்டாவது பிரேமிலேயே நேராக வைக்கலாம். லோகோ வெக்டர் கோப்பாக இருந்து, தொடர்ந்து கூர்மையாக வரையும் சுவிட்ச் போட்டிருந்தால்தான் 300 விழுக்காட்டிலும் ஓரம் மங்காது.

மென்மையாக அமரும் லோகோவுக்கு ஒலி எங்கே என்று ஐயம் வந்தால் நான் செய்வது இது. ஒலியை அணைத்துவிட்டு ஸ்டிங்கைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவேன். லோகோ வந்துவிட்டது என்று தோன்றும் கணத்தில் எண் விசைப்பலகையின் `*` விசையைத் தட்டுவேன். தட்டிய இடத்தில் ஒரு குறி விழும். ஏழெட்டு முறை ஓடிய பின் நிறுத்திப் பார்த்தால், குறிகள் 11க்கும் 13க்கும் இடையில் நெருங்கி நிற்கும். இருபதாவது பிரேமில் ஒன்றுகூட இருக்காது.